முதல் மூன்று எழுத்தும் நீளமும்

அறுபதுகளின் தொடக்கத்தில் தென்னூரில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் ரெக்கார்டு ரூம் கிளார்க்காக இருந்தேன். உறையூரிலிருந்து டவுன் பஸ்ஸில் போய் வருவேன். புதிதாக வரும் நோயாளிக்கு ஒரு பெயர் அட்டை எழுதுவோம். டாக்டர்கள் கேஸ் ஷீட்டை இங்கிலீஷில் எழுதினாலும், பெயர் அட்டை மட்டும் தமிழில்தான். பெயர், தகப்பனார் அல்லது கணவர், ஊர், வயது, கேஸ் ஷீட் நம்பர். அட்டைகள் அகர வரிசைப்படி மர இழுப்பறைகளில் நிற்கும். நம்பர் எழுதிய துண்டுச் சீட்டை நோயாளியிடம் கொடுத்துவிடுவோம். அதைத் தொலைக்காமல் மறுபடி கொண்டு வந்தவர்கள் குறைவு.

ஒரு நாள் உறையூர் நெசவாளி ஒருவர் காலில் சீழ் பிடித்து வந்தார். சீட்டு இல்லை. முன்பு வந்ததுண்டா என்று கேட்டதற்கு, எப்போதோ வந்த ஞாபகம் என்றார். கவுண்டரில் இருந்தவர் ‘முத்துகருப்பன்’ என்ற பெயரைத் தேடினார், இல்லை. புது அட்டை போட்டுப் புது கேஸ் ஷீட்டோடு அனுப்பிவிட்டார். பென்சிலின் ஊசி போட்ட சற்று நேரத்தில் அந்த மனிதர் முகம் வீங்கி, மூச்சுத் திணறி பெஞ்சிலிருந்து சரிந்தார். நல்லவேளையாக டாக்டரம்மா பக்கத்து அறையில்தான் இருந்தார். மாற்று ஊசி போட்டுப் பிழைக்க வைத்துவிட்டார். அவருடைய பழைய கேஸ் ஷீட் ‘முத்துக்கருப்பன்’ என்ற பெயரில் எங்களிடமே இருந்தது. பென்சிலின் ஒத்துக்கொள்ளாது என்று அதில் சிவப்பு மையில் எழுதியிருந்தது. நடுவில் ஒரு ‘க்’ இருந்ததும் இல்லாததும்தான் வித்தியாசம். ஆனால் அகர வரிசையில் அந்த இரண்டு அட்டைகளுக்கும் நடுவே முத்துக்குமார்கள் கத்தையாக நின்றிருந்தார்கள்.

மறுநாள் டாக்டரம்மா எங்கள் அறைக்கே வந்தார்.

“இந்த மாதிரி இன்னும் எத்தனை பேருக்கு ரெண்டு அட்டை இருக்கும்?”

“தெரியலைங்க. ஆனா கண்டுபிடிக்கலாம்,” என்றேன்.

எப்படிக் கண்டுபிடிப்பது என்று அந்த நிமிஷம் எனக்கே தெரியாது. எல்லா அட்டையையும் எல்லா அட்டையோடும் ஒப்பிட்டுப் பார்ப்பது மனிதரால் ஆகிற காரியமில்லை. ஆனால் தினமும் பெயர்களையே எழுதுகிறவளுக்கு ஒன்று புலப்பட்டிருந்தது. பெயரின் ஆரம்பத்தைச் சொல்வதிலும் எழுதுவதிலும் பெரும்பாலும் தவறு வருவதில்லை. போகப் போகத்தான் ஒற்று விழும், மிகும், சாமி ஸ்வாமியாகும். அப்படி மாறினாலும் பெயரின் நீளம் ஓர் எழுத்துக்கு மேல் கூடுவதோ குறைவதோ அபூர்வம். முத்துசாமி ஐந்து எழுத்து. முத்துச்சாமி ஆறு, முத்துஸ்வாமி ஆறு. மூன்றுக்கும் முதல் மூன்றெழுத்து ஒன்றுதான்.

அதையே வழியாக வைத்துக்கொண்டேன். முதல் மூன்று எழுத்து ஒன்றாக இருக்கிற அட்டைகளை ஒரு கட்டாக எடுக்க வேண்டும். அந்தக் கட்டுக்குள் மட்டும் நீளத்தை எண்ண வேண்டும். எண்ணிக்கை சமமாகவோ ஓர் எழுத்து வித்தியாசத்திலோ இருந்தால், அந்த ஜோடிக்கு ஒரு மஞ்சள் காகிதத் துண்டு செருக வேண்டும். மஞ்சள் துண்டுக்கு அர்த்தம் “இவர்கள் ஒருவர்” என்பதல்ல, “இவர்கள் ஒருவரா என்று பார்” என்பது மட்டும்தான். அதன் பிறகுதான் தகப்பனார் பெயர், ஊர், வயது எல்லாம்.

ரெக்கார்டு ரூமில் என்னோடு இருந்தவர் எனக்கு மூத்தவர். ஸ்ரீரங்கத்துக்காரர், கோயில் கைங்கர்யக் குடும்பம். நெற்றியில் திருமண் கலையாமல் சாயங்காலம் வரை வேலை பார்ப்பார். என் யோசனையைக் கேட்டதும் எழுந்து போய் ‘ர’ இழுப்பறையை முழுதாக உருவிக்கொண்டு வந்து மேஜையில் வைத்தார்.

“எங்க ஊர்லே பெருமாளும் ரங்கநாதன், தாயாரும் ரங்கநாயகி. ஆத்துக்கு ஒரு ரங்கராஜன் உண்டு. மூணெழுத்து பார்த்தா இந்த டிராயர் முழுக்க மஞ்சளாப் போயிடும். என்ன பண்ணப் போறேள்?”

அவர் சொன்னது சரிதான். ரங்கநாதன் ஆறு எழுத்து, ரங்கராஜன் ஆறு, ரங்கசாமி ஐந்து. எல்லாரும் எல்லாருக்கும் ஜோடியாகிவிடுவார்கள். அந்த இழுப்பறைக்கு மட்டும் முதல் ஐந்தெழுத்து ஒத்துப்போக வேண்டும் என்று வைத்துக்கொண்டோம். உடனே துண்டுகள் கைக்கடங்கின. அவரே இன்னொன்றையும் எடுத்துக் கொடுத்தார். ரங்கநாயகியை ஒருவர் அரங்கநாயகி என்று எழுதினால் முதல் எழுத்தே மாறி, அட்டை ‘அ’ இழுப்பறைக்குப் போய்விடும். ராமசாமி இராமசாமியானால் ‘இ’க்குப் போய்விடும். ஆகவே எண்ணுவதற்கு முன் அந்த முன்னெழுத்தை நீக்கிவிட்டு எண்ணுவது என்று முடிவு செய்தோம். ரங்கநாயகியம்மாள் என்று வால் நீண்டிருந்தாலும், அந்த அம்மாளைக் கழித்துவிட்டே எண்ணினோம். வேலை நன்றாக ஓடியது. சொல்லிக்கொள்வதில் எனக்குக் கூச்சமில்லை, நான் வகுத்த வழி நல்ல வழி. இரட்டை அட்டைக்காரர்கள் வாரா வாரம் அகப்பட்டார்கள்.

அப்படி ‘ந’ இழுப்பறை பார்க்கும்போது வந்தவர்கள்தான் நல்லம்மாளும் நல்லம்மையும். இங்கே அம்மாளைக் கழித்தால் பெயரே மிஞ்சாது என்பதால் முழுதாக எண்ணினேன்; ஒன்று ஆறு எழுத்து, மற்றது ஐந்து. இரண்டு அட்டையிலும் கணவர் பெயர் ஒன்றே. ஊரும் ஒன்றே, மருங்காபுரிப் பக்கத்துக் கிராமம். மூன்று வருஷத்துக்கு முன் எழுதிய நல்லம்மாள் அட்டையில் வயது இருபத்தொன்பது. அந்த மாதம்தான் எழுதிய நல்லம்மை அட்டையில் முப்பது.

“இதுக்கு மேல என்ன வேணும்? சேர்த்துடலாம்,” என்றார் என் சகா.

கேஸ் ஷீட்டுகளை எடுத்துப் பார்த்தேன். நல்லம்மாளுக்குக் குடல்வால் ஆபரேஷன் நடந்திருந்தது, ரத்தம் ஓ குரூப். நல்லம்மை பிரசவத்துக்குச் சேர்ந்து வார்டில் இருந்தாள். முன்பு ஆபரேஷன் எதுவும் இல்லை என்று எழுதியிருந்தது. ரத்தம் பி குரூப்.

“ஒரே ஆளுக்கு ரெண்டு குரூப் எப்படிங்க இருக்கும்?”

“லேப்லே பிசகியிருக்கும். ஆபரேஷனை மறைச்சிருப்பா. பயந்துண்டு எத்தனை பேர் மறைக்கிறா.”

“இருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம். அந்தம்மாதான் இங்கேயே இருக்காங்களே, ஒரு வார்த்தை கேட்டுட்டு வந்துடறேன்.”

அவருக்கு என் பேச்சு பிடிக்கவில்லை என்று தெரிந்தது. ஆனால் தடுக்கவில்லை. இரண்டு அட்டைகளையும் கையில் எடுத்துக்கொண்டு பிரசவ வார்டுக்குப் போனேன்.

நல்லம்மை கட்டிலில் ஒருக்களித்துப் படுத்திருந்தாள். முப்பது என்று அட்டை சொன்னாலும் இருபத்தைந்துக்கு மேல் மதிக்க முடியாது. கீழே தரையில் இன்னொரு பெண் உட்கார்ந்து அவள் காலைப் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தாள்.

“நல்லம்மாங்கிறது யாருங்க?” என்று கேட்டேன்.

“நாந்தான்,” என்றாள் கட்டிலில் இருந்தவள். “நாந்தாம்மா,” என்றாள் கீழே இருந்தவளும்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பக்கத்தில் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். கீழே இருந்தவள்தான் விஷயத்தைச் சொன்னாள்.

“இது எங்க சித்தப்பா மவம்மா. எங்க அப்பாவைப் பெத்த அப்பாயி பேரு நல்லம்மா. ரெண்டு வீட்டுலயும் அந்தப் பேரையே வச்சுட்டாங்க. வீட்டுல பெரியவ, சின்னவன்னுதான் கூப்புடுவாக.”

“வீட்டுக்காரர் பேரும் ஒண்ணாயிருக்கே?”

அவள் காலைப் பிடிப்பதை நிறுத்தவில்லை. “ஆளே ஒண்ணுதாம்மா. எனக்குப் புள்ளை தங்கல. நாந்தான் போயிப் பொண்ணு கேட்டு இவளைக் கூட்டியாந்தேன். வெளியில எவளோ ஒருத்தி வர்றதுக்கு, எங்க ரத்தமாவே இருக்கட்டுமேன்னு.”

கட்டிலில் இருந்தவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அது வெட்கமா வருத்தமா என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. பெரியவளிடம் குடல்வால் ஆபரேஷனைக் கேட்டேன். அடிவயிற்றைத் தொட்டுக் காட்டினாள். ஒருத்தியை நல்லம்மாள் என்றும் மற்றவளை நல்லம்மை என்றும் எழுதச் சொன்னது யார் என்று கேட்டதற்கு, “எங்களுக்கு எழுத்து எங்க தெரியும்மா, நீங்க எழுதிக்கிட்டதுதான்,” என்றாள். அட்டையில் இருந்த அந்த வேறுபாடுகூட உண்மையில்லை. அவர்கள் பெயர் ஒன்றேதான். ஆட்கள்தான் வேறு.

அட்டைகளைப் பிரித்தே வைத்தேன். ஒவ்வொன்றின் மேலும் ‘மற்றவர் வேறு நபர், அக்கா தங்கை முறை’ என்று எழுதத் தொடங்கி, முறையை அடித்துவிட்டு ‘மூத்தவர்’, ‘இளையவர்’ என்று எழுதினேன். சகாவிடம் சொன்னபோது அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“சேர்த்திருந்தா அபசாரமாப் போயிருக்கும்,” என்றார். அதற்குப் பிறகு வயதும் ஊரும் ஒத்திருந்தால்கூட ஆளைக் கேட்காமல் அவர் எதையும் சேர்த்ததில்லை.

மறுநாள் காலை சின்னவளுக்குப் பெண் குழந்தை பிறந்தது. பிறந்த பிறகு ரத்தப் போக்கு நிற்கவில்லை. பி குரூப் ரத்தம் கையிருப்பில் இல்லை. கணவர் முந்தின நாளே ஊருக்குப் போயிருந்தார். அவர் ஆள் திரட்டிக்கொண்டு பஸ் பிடித்து வருவதற்குள் என்ன ஆகுமோ என்று நர்ஸ்கள் முகத்தில் தெரிந்தது. கேஸ் ஷீட் கேட்டு ஆயா ஓடி வந்தாள். நான் சின்னவளுடையதை மட்டும் அல்ல, இரண்டையும் எடுத்துக்கொண்டு ஓடினேன்.

“டாக்டர், கூட இருக்கிற அக்கா ஓ குரூப், யாருக்கும் கொடுக்கலாமே. நம்ம ரெக்கார்டுல இருக்கு.”

டாக்டரம்மா தாளை வாங்கி ஒரு பார்வை பார்த்தார். “லேபுக்கு அனுப்புங்க. குரூப்பை மறுபடியும் பார்க்கட்டும், ரெண்டு பேர் ரத்தமும் சேருதான்னும் பார்க்கட்டும். அதுக்கப்புறம் எடுக்கலாம்.”

பெரியவளிடம் நான்தான் சொன்னேன். ரத்தம் எடுப்பதென்றால் எங்கள் பக்கத்தில் ஆண்பிள்ளைகளே அந்தக் காலத்தில் ஆஸ்பத்திரி வாசலோடு திரும்பிவிடுவார்கள். அவள் பயந்தாள். “எம்புட்டு எடுப்பீக?” என்று கேட்டாள். ஒரு பாட்டில் என்றேன். புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு, “வாங்க போவம்,” என்று எனக்கு முன்னால் நடந்தாள்.

லேபில் ஓ குரூப் என்பது உறுதியாயிற்று, ரத்தமும் பொருந்தியது. அந்த பாட்டில் ஏறி முடிவதற்குள் போக்கும் கட்டுக்குள் வந்துவிட்டது. மத்தியானம் கணவர் நாலைந்து ஆட்களோடு வியர்க்க விறுவிறுக்க வந்து சேர்ந்தபோது, சின்னவள் கண் திறந்து கஞ்சி கேட்டிருந்தாள். பெரியவள் பக்கத்துப் பெஞ்சில் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு, யாரோ வாங்கிக் கொடுத்த காப்பியை ஊதி ஊதிக் குடித்துக்கொண்டிருந்தாள். கணவர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தபடி வாசலிலேயே நின்றார்.

டிஸ்சார்ஜ் ஆன அன்று, குழந்தைக்கும் ஓர் அட்டை எழுத வேண்டியிருந்தது. என்ன பெயர் என்று கேட்டேன். கணவர், ஆத்தா பேரு, அப்பாயி பேரு என்று ஏதோ ஆரம்பித்தார்.

“சும்மா இருங்க,” என்றாள் பெரியவள். “அம்மா, இன்னும் பேரு வைக்கலைன்னு எழுதிக்குங்க. வச்சதும் நானே தூக்கியாந்து சொல்றேன்.”

அப்படியே எழுதிக்கொண்டேன். மூவரும் குழந்தையோடு பஸ் ஸ்டாண்டுக்குக் கிளம்பினார்கள். குழந்தை பெரியவள் தோளில் இருந்தது. சின்னவள் மெல்ல நடந்தாள்; பெரியவள் அடிக்கடி நின்று அவளுக்காகக் காத்துக்கொண்டாள். நான் உள்ளே வந்து ‘ப’ இழுப்பறையை எடுத்தேன். பழனிச்சாமியும் பழனிசாமியும் எனக்காகக் காத்திருந்தார்கள்.