வரி முடிவில் இரண்டு ஸ்பேஸ்

ஆபீஸில் எனக்குப் பெயர் துடைப்பம். யாருடைய கோப்பைத் திறந்தாலும் வரிகளின் முடிவில் தேவையில்லாத ஸ்பேஸ் கிடக்கிறதா என்றுதான் முதலில் பார்ப்பேன். வீட்டில் சாப்பிட்ட தட்டை மேசையிலேயே விட்டுவிட்டு எழுந்து போகும் ஆள், கண்ணுக்கே தெரியாத குப்பையைத் தேடி அலைகிறேன் என்று என் மனைவி சிரிப்பாள். அவள் சொல்வது உண்மைதான், தட்டு இப்போதும் மேசையில்தான் இருக்கிறது.

லிஃப்ட் பழுது பார்க்கிறவர்களுக்கு வழிமுறைப் பக்கங்கள் எழுதுவது என் வேலை. மெக்கானிக்குகள் அவற்றைப் போனில் படித்துத்தான் வேலையைத் தொடங்குவார்கள். அவர்களில் ஒருவன் என் மச்சான், மனைவியின் தம்பி. வேலைக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று அவனுக்குச் சொல்லிவிட்ட பெருமையும் என்னுடையதே.

பக்கங்கள் எல்லாம் மார்க்டவுன் என்ற எளிய குறியீட்டு முறையில் எழுதப்பட்டிருந்தன. அதில் எண்டர் தட்டிப் பிரித்த இரண்டு வரிகள் பக்கத்தில் ஒன்றாக ஒட்டிக்கொள்ளும். தனித்தனியே நிற்க வேண்டுமென்றால் மேல் வரியின் முடிவில் இரண்டு ஸ்பேஸ் விட வேண்டும். இதை மற்றவர்களுக்கு வகுப்பெடுத்துச் சொல்லிக்கொடுத்தவனே நான்தான். அப்படிப்பட்ட நான் அன்று காலை, வரி முடிவில் எந்த வெற்றிடம் இருந்தாலும் வெட்டு என்று ஒரு கட்டளை எழுதி, முன்னூறு சொச்சம் கோப்புகளையும் ஒரே மூச்சில் பெருக்கினேன்.

சரிபார்க்க வேண்டியவர் எங்கள் மேடம். அவருடைய திரையில் ஸ்பேஸ் மாற்றங்களைக் காட்டாதே என்று அமைத்திருந்தது. "ஒண்ணுமே மாறலையேங்க, போடுங்க" என்றார். போட்டேன். போட்ட கையோடு டீ குடிக்கப் போனேன், சாதித்துவிட்ட ஆள் மாதிரி.

டீ பாதியில் இருக்கும்போது மச்சான் போன் செய்தான்.

"மாமா, பள்ளத்துல இறங்கறதுக்கு முன்னாடி படிக்கிற வார்னிங் இருக்கே, அது என்ன ஒரே மூட்டையா கிடக்கு?"

லிஃப்டுக்கு அடியில் உள்ள பள்ளத்தில் இறங்கும் முன் படிக்க வேண்டிய நான்கு வரிகள் அவை. மெயின் ஸ்விட்சை அணை. உன் பூட்டை அதில் போட்டுச் சாவியை எடுத்துக்கொள். மின்சாரம் இல்லை என்று டெஸ்டரால் பார். பிறகு இறங்கு. நான்கும் இப்போது ஒரே பத்தி.

"இறங்காதே! அப்படியே நில்லு!" என்று நான் கத்தியதில் டீக்கடையே திரும்பிப் பார்த்தது.

ஓடிப்போய்க் காலையில் செய்ததை மொத்தமாகத் திருப்பினேன். பழைய கோப்புகள் ஸ்பேஸோடு வந்துவிட்டன. சரியாக வந்திருக்கிறதா என்று அந்தப் பக்கத்தின் கோப்பை மட்டும் திறந்து பார்த்தேன். இருந்தது. திருப்தியில் கை தானாகச் சேமி பட்டனைத் தட்டியது. நான் எழுதப் பயன்படுத்தும் எடிட்டர் மென்பொருளோ, சேமிக்கும்போதெல்லாம் வரி முடிவைத் துடைக்கும்படி நானே வளர்த்துவிட்ட பிள்ளை. துடைத்தது. அதைத்தான் வெளியிட்டேன்.

"மாமா, அப்படியேதான் இருக்கு."

இந்த முறை மேடம் தன் திரையில் அந்த அமைப்பை எடுத்துவிட்டுப் பார்த்தார். "ஏங்க, திருப்பி வெச்சதை மறுபடியும் நீங்களே பெருக்கிட்டீங்களே! முதல்ல கீபோர்டிலிருந்து கையை எடுங்க."

எடுத்தேன். மார்க்டவுன் கோப்புகளில் மட்டும் சேமிக்கும்போது துடைக்காதே என்று எடிட்டருக்கு அவரே எழுதினார். அந்தக் கோப்பைப் பழைய நிலைக்குக் கொண்டுவந்து வெளியிட்டதும் அவரே. பக்கத்தில் நான்கு வரிகளும் தனித்தனியே நின்றன. மச்சானிடம் சொல்லிவிட்டு, மூச்சு வாங்க உட்கார்ந்தேன்.

மதியம் கட்டளையை ஒழுங்காகத் திருத்தினேன். எழுத்துள்ள வரியின் முடிவில் இரண்டோ அதற்கு மேலோ ஸ்பேஸ் இருந்தால் சரியாக இரண்டு மட்டும் நிற்கும். ஒற்றை ஸ்பேஸும் டேப் இடைவெளியும் போகும். வெறும் ஸ்பேஸ் மட்டுமே உள்ள வரி காலியாகும். நிரல் துண்டுகளுக்குள் கை வைக்கவே கூடாது. மேடம் ஒவ்வொரு மாற்றத்தையும் கண்ணால் பார்த்துத்தான் ஒத்துக்கொண்டார். அதற்குள் எனக்கு என் நக்கல் திரும்ப வந்துவிட்டது. சாயங்காலம் மச்சான் கூப்பிட்டபோது, "என்னடா, உங்க மாமா எழுதினது இப்பவாவது புரியுதா?" என்று கேட்டேன்.

அவன் சிரிக்கவில்லை.

"காலைல மூட்டையா இருந்தப்ப பூட்டு போடச் சொன்னதை நான் கவனிக்கவே இல்ல மாமா. ஸ்விட்சை அணைச்சிட்டு ஒரு காலை உள்ளே வெச்சிட்டேன். ஏதோ குறையுதேன்னுதான் உங்களுக்குப் போன் பண்ணேன். அப்புறம் பூட்டைப் போட்டுட்டு இறங்கினேன். நான் கீழே இருக்கும்போது வாட்ச்மேன் வந்து, லிஃப்ட் ஏன் ஓடலைன்னு ஸ்விட்சைப் போடப் பாத்திருக்கார். பூட்டு இருந்ததால முடியல."

"டேய், உனக்கு ஒண்ணும் ஆகலையே?" என்றேன்.

"அக்காகிட்ட சொல்லாதீங்க, பயந்துடுவா" என்றான்.

சரி என்றேன். அவள் கேட்டிருந்தாலும், அன்றைக்கு என்னால் சொல்லியிருக்க முடியாது.