குறைந்துகொண்டே வந்த கிரீம்

என் சந்தேகத்துக்கு ஆள் வித்தியாசம் தெரியாது. மகனுக்கு ஏழு மாதமானபோது அது என் மதினி, அதாவது கணவரின் அக்கா மேல் விழுந்தது. கணவர் ராணுவத்தில், எங்கோ வடக்கே. குத்துக்கல்வலசை வீட்டில் பிள்ளையை மதினியிடம் விட்டுவிட்டுத்தான் நான் தென்காசிக்கு வேலைக்குப் போய்வந்தேன்.

குற்றாலச் சாரல் எங்கள் தெருவரை வந்து விழுந்த மாதம் அது. துணி காயாததால் நாள் முழுக்க டயப்பர்தான். பிள்ளையின் தொடையிடுக்கு சிவந்ததும், மதினி நேரத்துக்கு மாற்றுவதில்லை என்று நானாகவே முடிவு கட்டினேன். அவரிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஜிங்க் கலந்த வெள்ளைக் கிரீமை வாங்கி, சுவருக்குச் சுண்ணாம்பு அடிப்பதுபோல அப்பினேன். ஒவ்வொரு முறையும் பழைய பூச்சை அழுத்தித் துடைத்தேன். ஒரு வாரம் ஆகியும் சிவப்பு குறையாமல், ஓரங்களில் சின்னச் சின்னப் புள்ளிகள் வேறு கிளம்பின.

இருவருமாகத்தான் டாக்டரிடம் போனோம். டயப்பர் உரசலில் வரும் புண் தோல் மடிப்புக்குள் இவ்வளவு இறங்காது, இது பூஞ்சை என்றார் அவர். வெள்ளைக் கிரீம் ஈரம் படாமல் காக்குமே தவிர பூஞ்சையைக் கொல்லாதாம். இது அடங்கும்வரை அதை நிறுத்திவைத்துவிட்டு, பூஞ்சைக்கான கிரீமைத் தினம் இரண்டு வேளை, தோல் தெரியும்படி மெல்லிசாகப் போடச் சொன்னார். பின்னால் வெள்ளைக் கிரீம் போட்டாலும் மெல்லிசு போதும், அழுக்கை மட்டும் துடைத்தால் போதும், தேய்க்கவே கூடாது என்றார். நான் தேய்த்ததை வெளியே சொல்லவில்லை. எத்தனை நாள் என்று அவர் சொன்னபோது, பிள்ளைக்குச் சட்டை மாட்டிக்கொண்டே மதினியின் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நான்காம் நாள் தோல் பழைய நிறத்துக்கு வந்தது. பச்சைப்பிள்ளைக்கு மருந்து எதற்கு என்று நிறுத்தினேன். மதினியிடமும் போட வேண்டாம் என்றேன். டியூபின் வாலை மடித்து, மடிப்பு மேலே அச்சடித்த பெயரின் எந்த எழுத்தில் நிற்கிறது என்று பார்த்துவைத்தேன். இரண்டு நாளில் அது அடுத்த எழுத்துக்கு வந்திருந்தது.

எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. டியூபை அவர் முன்னால் போட்டு, எனக்குத் தெரியாமல் பிள்ளைக்கு என்ன செய்கிறீர்கள் என்று கேட்டேன்.

மதினி துணி மடிப்பதை நிறுத்தவில்லை. "செவப்பு போன பொறவும் ஏழு நாள் போடணும்னு டாக்டர் சொன்னாருல்லா. உள்ள பூஞ்சை இருந்தா திரும்ப வரும்னாரு. அதான் போடுதேன்."

அப்படியானால் என்னிடம் சொல்லியிருக்கலாமே என்றேன். குரல் இறங்கிவிட்டது.

"நான் சொன்னா நீ நம்புவியாட்டி?"

வெட்கமாக இருந்தது. பிள்ளை அழாமல் காலை உதைத்துக்கொண்டு கிடந்தான். டியூபை எடுத்து அவர் கையிலேயே கொடுத்து, இன்னும் எத்தனை நாள் பாக்கி என்று கேட்டேன்.

"அஞ்சு," என்றார்.