குணபூசணி அம்மாவின் குசினி: முன்னும் பின்னும்

பிரிக்ஃபீல்ட்ஸில் வேலாயுதம் கடை என்றால் எல்லாருக்கும் தெரியும். தெரியாதது என்னவென்றால், அது என்ன கடை என்பதுதான். மரச்சாமான் கடை என்று சிலர் நினைத்தார்கள். கான்டிராக்டர் கடை என்று சிலர். வேலாயுதமோ ஒவ்வொருவரையும் நிறுத்தி வைத்து, "நான் வீட்டுக்கு உள்ள அமைப்பு செய்றவன்" என்று விளக்குவார். கேட்டவர் தலையாட்டிவிட்டு, "சரி மேஸ்திரி" என்று போய்விடுவார். அந்த மேஸ்திரி என்ற சொல் அவருக்கு வேப்பங்காய்.

சிங்கப்பூரில் வெள்ளைக்காரத் துரைகளின் பங்களாக்களுக்கு உள்வேலை செய்து கொடுத்த ஒரு கம்பெனியில், படம் வரைபவராகப் பல வருஷம் இருந்தவர் அவர். ஜன்னல் எங்கே வைத்தால் வெளிச்சம் எங்கே விழும், அடுப்பு என்ன உயரம் இருந்தால் இடுப்பு வலிக்காது என்பதையெல்லாம் அங்கேதான் கற்றார். ரப்பர் விலை விழுந்த காலத்தில் கம்பெனி ஆட்களைக் குறைத்தது. பெட்டியைக் கட்டிக்கொண்டு கோலாலம்பூர் வந்தார். நம்மவர்களின் வீட்டுக் குசினிகளை, அதாவது சமையலறைகளைப் பார்த்தார். புகையும் இருட்டும் குனிந்த முதுகுமாக இருந்ததைப் பார்த்து, இதுதான் இனி என் வேலை என்று முடிவு செய்தார். நல்ல முடிவுதான். அதில் யாரும் குறை சொல்ல முடியாது.

ஆனால் குசினிக்குக் காசு செலவழிக்க யார் வருவார்? முன்கூடத்துக்கு நாற்காலி வாங்குவார்கள். சாமி அறைக்குக் கண்ணாடி போடுவார்கள். விருந்தாளி எட்டிப் பார்க்காத அறைக்கு எதற்கு என்பார்கள். அதற்குத்தான் வேலாயுதம் ஒரு வழி கண்டுபிடித்தார். வேலைக்கு முன்னால் ஒரு படம், முடிந்த பிறகு அதே இடத்தில் நின்று இன்னொரு படம். இரண்டையும் ஒரே அட்டையில் ஒட்டி, கடை முகப்பில் கண்ணாடிக்குப் பின்னால் வைப்பது.

படத்துக்குக் கீழே செலவை எழுதினார். இங்கேதான் அவர் மற்றவர்களைப் போல இல்லை. கந்தையா என்பவர் வீட்டு அட்டையில் இப்படி இருந்தது: முதலில் சொன்ன தொகை இருநூற்றுப் பத்து வெள்ளி. முடிவில் ஆனது இருநூற்று முப்பத்தெட்டு. வெள்ளை ஓடு கூடுதலாக வாங்கியது வீட்டுக்காரர் விருப்பத்தால். புகைபோக்கியை ஒருமுறை இடித்துக் கட்டியது என் தவறு, அந்தப் பதினொரு வெள்ளி என்னுடையது, வீட்டுக்காரரிடம் வாங்கவில்லை. என் கூலி இவ்வளவு. தன் தவறைத் தானே எழுதி மாட்டிய வியாபாரியை அந்த வட்டாரம் அதற்கு முன் பார்த்ததில்லை. அட்டையைப் படிக்கவென்றே ஆட்கள் நின்றார்கள். வேலாயுதம் உள்ளே உட்கார்ந்தபடி அவர்கள் முதுகைப் பார்த்து மகிழ்ந்தார்.

சம்மதம் வாங்காமல் எவர் வீட்டுப் படத்தையும் மாட்ட மாட்டார். ரயில்வே கந்தோரில் தலைமைக் கிளார்க்காக இருந்த யாழ்ப்பாணத்துக்காரர் கந்தையா கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். வேலாயுதம் அதோடு விடவில்லை. சமைப்பது அவரா என்ன? வீட்டம்மா குணபூசணியிடமும் தனியாகக் கேட்டார்.

"போடுங்கோ தம்பி, எனக்கென்ன? ரெண்டு நாள் மட்டும் பொறுங்கோ. படம் பிடிக்கிறதெண்டால் வடிவா இருக்கவேணும்" என்றார் அவர்.

இரண்டு நாள் பொறுத்தார். மூன்றாம் நாள் காலை புகைப்படக்காரர் தம்புசாமியோடு போய்ப் பார்த்தவருக்குப் பகீரென்றது. இடிக்கப் போகிற குசினிக்குச் சுண்ணாம்பு அடித்திருந்தார் குணபூசணி. சுவர் வெள்ளை வெளேர் என்று காய்ந்திருந்தது. அடுப்பு மேடை மெழுகிக் கோலம் போட்டிருந்தது. பித்தளைப் பாத்திரங்கள் புளி போட்டு விளக்கி வரிசையாக நின்றன. ஒரு சுள்ளி விறகு வெளியே இல்லை. அம்மா குளித்துப் பட்டுடுத்தத் தன் அறைக்குப் போயிருந்தார். படத்தில் தானும் அடுப்பருகில் நிற்க வேண்டும் என்று நினைத்துவிட்டார் போலும்.

வேலாயுதம் தலையில் கை வைத்தார். இதை முன்படமாகப் போட்டால் எவன் இருநூறு வெள்ளி கொடுப்பான்? இதுவே நன்றாகத்தானே இருக்கிறது என்பானே!

"அந்தம்மா அழகா வச்சிருக்குண்ணே. அப்படியே எடுத்திடலாம்லா" என்றார் தம்புசாமி, கேமரா முக்காலியை விரித்துக்கொண்டே.

"கொஞ்சம் பொறு."

அதற்குப் பிறகு வேலாயுதம் செய்ததை நினைத்தால் எனக்கே எரிச்சல் வருகிறது. பாத்திரங்களைக் கொல்லைப்புறம் கொண்டு வைத்தார். வாளித் தண்ணீரை எடுத்துச் சுவரில் வீசி அடித்தார். மெல்லிய சுண்ணாம்பு நனைந்தால் அடியில் இருப்பது தெரியும் என்பது அவருக்கு நன்றாகத் தெரியும். பதினாலு வருஷத்துப் புகைக்கரி அப்படியே மேலே வந்தது. அடுப்பிலிருந்து சாம்பலை வாரிக் கோலத்தின்மேல் போட்டார். கொல்லையில் கிடந்த விறகையும் ஒரு கிழிந்த சாக்கையும் இழுத்து வந்து முன்னால் எறிந்தார். ஒரு ஜன்னலைச் சாத்தினார். தம்புசாமி கறுப்புத் துணிக்குள் தலையை விட்டுக்கொண்டார்.

குணபூசணி பட்டுச் சேலையும் தலையில் பூவுமாக வந்தபோது வேலாயுதம் வாசலை மறித்து நின்றார்.

"உள்ள வராதீங்கம்மா. கேமரா பிளேட்டு திறந்திருக்கு, வெளிச்சம் பட்டா கெட்டுப்போயிரும். ஆள் வேணாம், அறை மட்டும்தான்."

"ஓ, அப்படியே?" என்று சிரித்துக்கொண்டு அவர் திரும்பிப் போனார். அவர் மறுபடி வருவதற்குள், வெளியே காத்திருந்த கொத்தனார்கள் அடுப்பை இடிக்க ஆரம்பித்துவிட்டார்கள். தன் குசினியைக் கடைசியாக ஒருமுறை பார்க்கக்கூட அவருக்குக் கொடுத்து வைக்கவில்லை.

அட்டை முகப்பில் ஏறியது. மேலே இருட்டுக் குகை, கீழே வெள்ளை ஓடும் குழாயும் நிமிர்ந்து நின்று சமைக்கும் மேடையும். பெயர் போடவில்லைதான். ஆனால் கந்தையா வீட்டில் வேலை நடந்தது ஊருக்கே தெரியும். பெயர் எதற்கு?

ஒரு மாதம் கழித்து, கிள்ளானிலிருந்து அரிசி வியாபாரி சபாபதி வந்தார். காசுள்ள மனிதர், புது வீடு கட்டிக்கொண்டிருந்தார். அட்டையை இரண்டு முறை படித்துவிட்டு, "உங்க தப்பையே எழுதி வச்சிருக்கீங்களே, இந்த நேர்மைதான் எனக்கு வேணும். குசினி மட்டுமில்ல, வீடு முழுக்க நீங்கதான்" என்றார். வேலாயுதத்துக்குக் கால் தரையில் பாவவில்லை. அந்த நேரம் பார்த்துத்தான் கந்தையாவும் குணபூசணியும் கடைக்குள் வந்தார்கள்.

"என்ன மிஸ்டர் வேலாயுதம், எங்கட குசினி பெரிய பேர் எடுத்திட்டுது" என்று கந்தையா சிரித்தார். "இப்படியொரு இடத்தில சமைச்சதையோ நான் இவ்வளவு காலம் சாப்பிட்டனான் எண்டு கந்தோரில எல்லாருக்கும் பகிடி."

குணபூசணி சிரிக்கவில்லை. கண்ணாடிக்குப் பின்னால் இருந்த படத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். முகம் சுருங்கிப் போயிருந்தது.

வேலாயுதம் அவசரமாக முன்னால் வந்தார். "அம்மாவுக்குப் பிடிக்கலன்னா படத்தை எடுத்திடறேன். உங்க சம்மதம்தான் முக்கியம்."

"ஏன் எடுக்கவேணும்? உள்ளதைத்தானே போட்டிருக்கிறியள்." அவர் குரல் தாழ்ந்திருந்தது. "படம் பொய் சொல்லாது தம்பி. என்ர கண்தான் இவ்வளவு நாளும் பொய் சொல்லியிருக்குது. சுண்ணாம்பு அடிச்சு, மெழுகி, எவ்வளவு வடிவா வச்சிருக்கிறன் எண்டு நினைச்சனான். விறகும் சாக்கும் இடிக்க வந்தவை இழுத்துப் போட்டதாயிருக்கும், அந்தக் கரி என்ர சுவரிலதானே இருக்குது. உங்கட படத்தைப் பார்த்தாப் பிறகுதான் தெரியுது நான் எப்படிப்பட்ட ஊத்தை எண்டு."

"அம்மா, அந்த பிளேட்டு சில நிறத்தை கறுப்பா காட்டும்…" என்று ஆரம்பித்தார் வேலாயுதம். அதுவும் உண்மைதான், செங்காவியைக் கறுப்பாகத்தான் காட்டும். அந்த உண்மைக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளலாம் என்று பார்த்தார்.

குணபூசணி காதில் வாங்கவில்லை. "கோயிலுக்கு வெள்ளிக்கிழமை மோதகம் நான்தான் அவிச்சுக் குடுக்கிறனான். போன கிழமை வேண்டாமெண்டு சொல்லிவிட்டிட்டன். அங்க பெண்டுகள் என்ர முகத்தைப் பார்க்கிற பார்வையே வேற. புதுக் குசினி இருந்தென்ன, கை அதே கைதானே."

வேலாயுதம் அட்டையைப் பார்த்தார். காசில் ஒரு வெள்ளி பிசகினால் எழுதி மாட்டியவர், ஒரு பெண்ணின் மானத்தை ஒரு வாளித் தண்ணீரில் கழுவி ஊற்றியிருந்தார். பக்கத்தில் சபாபதி நின்றுகொண்டிருந்தார். வாயைத் திறந்தால் கிள்ளான் வேலை போய்விடும், பெயரும் போய்விடும். திறக்காவிட்டால் இந்த அம்மா இப்படியே வீட்டுக்குப் போவார்.

"அது படம் இல்லம்மா. நான் செஞ்சது" என்றார்.

எல்லாரும் அவரைப் பார்த்தார்கள். அவர் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். தண்ணீர் அடித்தது, சாம்பல் கொட்டியது, விறகும் சாக்கும் இழுத்துப் போட்டது, பாத்திரத்தை ஒளித்தது, ஜன்னல் சாத்தியது. பிளேட்டு திறந்திருக்கிறது என்று சொன்னதும் பொய் என்றார். சொல்லச் சொல்லக் காது சுட்டது. சபாபதி கைக்குட்டையை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டு, "பிறகு வரேன்" என்று வெளியே போனார். அந்தப் பிறகு வராது என்பது வேலாயுதத்துக்குத் தெரியும்.

கந்தையா கோபத்தில் இங்கிலீஷில் ஏதோ சொல்லத் தொடங்கினார். குணபூசணி கையமர்த்தினார்.

"அப்ப என்ர சுவர் வெள்ளையா இருந்ததோ?"

"வெள்ளையா இருந்துச்சும்மா."

"கோலம்?"

"இருந்துச்சு. பாத்திரமெல்லாம் பளபளன்னு இருந்துச்சு. நான் வேலை செஞ்ச வீடுங்கள்ல இவ்வளவு சுத்தமான குசினியைப் பார்த்ததில்ல."

"அப்ப அதைத் திரும்பப் பிடியுங்கோ. உள்ளபடி ஒரு படம் பிடியுங்கோ."

எதைப் பிடிப்பது? அந்தச் சுவர் உடைந்து லோரியில் போய் எந்தப் பள்ளத்தையோ நிரப்பியாயிற்று. பின்படத்தை நூறு முறை எடுக்கலாம். முன்படத்துக்கு ஒரே ஒரு காலைதான் இருந்தது. அதை அவர் நனைத்துவிட்டார்.

அம்மாவுக்கும் அது புரிந்தது. கண் கலங்கியதை முந்தானையால் ஒற்றிக்கொண்டார்.

"அப்படியெண்டால் அதுக்குச் சாட்சி நீங்களும் அந்தப் படக்காரரும்தான்" என்றார். "வெள்ளிக்கிழமை கோயிலுக்கு வாங்கோ."

வெள்ளிக்கிழமை வேலாயுதம் போனார். முகப்பில் அட்டை இல்லை, அதைத் தன் கையாலேயே கிழித்திருந்தார். தம்புசாமியையும் கூட்டிக்கொண்டு போனார். கோயில் மடப்பள்ளிப் பக்கம் பெண்கள் கூட்டமாக உட்கார்ந்து தேங்காய் துருவிக்கொண்டிருந்தார்கள். நடுவில் குணபூசணி, மடியில் மாவுப் பாத்திரம். யாரும் வேலாயுதத்தை உட்காரச் சொல்லவில்லை.

துண்டைக் கையில் சுருட்டிக்கொண்டு வேலாயுதம் சொன்னார். கடையில் சொன்னதையே சொன்னார், ஒன்றையும் விடவில்லை. குரல் பாதியில் உள்ளே போய்விட்டது. தேங்காய் துருவும் சத்தம் நின்றிருந்தது. முடித்துவிட்டுத் திரும்பப் போனார்.

குணபூசணி மாவிலிருந்து கையை எடுக்காமலே கூப்பிட்டார்.

"தம்பி, இன்னொருக்காச் சொல்லுங்கோ. பின்னால இருக்கிறவைக்குக் கேக்கேல்லை."

வேலாயுதம் திரும்பி வந்து, முதலிலிருந்து சொன்னார்.