சித்தியடைந்த ஆசிரியை

பெல்மதுளைச் சந்தியில் நெட் கடை வைத்திருந்த முஸ்லிம் அண்ணன்தான், எங்களுக்கு நானா, என் இணைய வகுப்புக்கு வலைப்பக்கம் செய்து கொடுத்தார். தோட்டத்துப் பிள்ளைக்காம்பராவில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்வது என் வேலை. ஆசிரியர் நியமனப் போட்டிப் பரீட்சையை இரண்டு தடவை எழுதி, இரண்டிலும் கொஞ்சத்தில் கோட்டை விட்டவள். ஆனால் நுண்ணறிவுக் கணக்கு எனக்குத் தண்ணீர் பட்ட பாடு. மாணவர்களுக்கு வினாத்தாளை ஈமெயிலில் அனுப்பி, அவர்கள் எழுதியதைத் திருத்தினேன். ஞாயிற்றுக்கிழமை அவர் கடையிலிருந்து ஸ்கைப்பில் விளக்கினேன்.

இணையத்தில் தேடுகிறவர்களுக்கு முதலில் தெரிவது நீல எழுத்தில் ஒரு தலைப்பு, அதன் கீழே இரண்டு வரி விவரம், அவ்வளவுதான் என்றார் நானா. தலைப்பு நீண்டால் வால் வெட்டுப்பட்டுப் புள்ளி விழுமாம். அதனால் முக்கியமானதை முன்னால் போட்டார்: ‘சித்தியடைந்த ஆசிரியை – போட்டிப் பரீட்சை இணைய வகுப்பு’. விவரத்தில் ‘தமிழ்மொழி மூலம், மாதிரி வினாத்தாள், தனித்தனித் திருத்தம்’. வலைப்பக்கத்தில் என் படம்.

நான் இன்னும் சித்தியடையவில்லையே என்றேன்.

“பெயிலான டீச்சர்னு போட்டா யாரு தங்கச்சி வருவா?”

தலையாட்டினேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும். இரண்டே மாதத்தில் பதினொரு பேர் சேர்ந்தார்கள். எந்தப் பள்ளிக்கூடம் டீச்சர் என்று கேட்டால் பேச்சை மாற்றுவேன்.

அந்த வருடம் மறுபடி பரீட்சைக்கு அறிவித்தார்கள். வயதெல்லைப்படி எனக்கு அதுதான் கடைசி. விண்ணப்பித்துவிட்டு நானாவிடம் ஓடினேன், தலைப்பை மாற்றச் சொல்லி.

“ஹரி, சரி தங்கச்சி, மாத்திட்டேன். ஆனா தேடுற எடத்துல பழசுதான் நிக்கும். தேடுற மெசின் திரும்ப வந்து நம்ம பக்கத்தப் பாத்தாதான் மாறும். எப்ப வரும்னு நம்ம கையில இல்ல.”

தினமும் தேடிப் பார்த்தேன். சித்தியடைந்த ஆசிரியை அசையாமல் நின்றாள். பதினொரு பேருக்கும் நானே உண்மையை எழுதியிருக்கலாம். எழுதத் தொடங்கி அழித்ததுதான் மிச்சம்.

இரத்தினபுரியில் பரீட்சை மண்டப வாசல். அனுமதி அட்டையைக் கையில் பிடித்து நின்றேன். நிவித்திகலைத் தோட்டத்துப் பிள்ளை ஒருத்தி, என் மாணவி, ஸ்கைப்பில் பார்த்த முகத்தைக் கண்டுபிடித்து ஓடி வந்தாள். கூடவே இன்னும் நாலு பேரைக் கூட்டி வந்தாள்.

“எங்களக் கண்காணிக்க நோக்குநரா வந்தீங்களா டீச்சர்? உங்களப் பாத்ததும்தான் பயமே போச்சு.”

அட்டை கைப்பைக்குள் போய்விட்டது. ஆமாம் என்றேன். முதலில் கேள்வியை நன்றாக வாசிக்கச் சொன்னேன். மணி அடித்ததும் அவர்கள் உள்ளே போனார்கள். நான் ஆள் இல்லாத வாசலில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு பஸ் ஏறினேன். வழியெல்லாம் அழுதேன்.

அந்தப் பிள்ளை சித்தியடைந்தாள். நானாவுக்குத் தலைகால் புரியவில்லை. அதை விவரத்தில் சேர்த்தார். தலைப்பில் பழையதையே திரும்பப் போடவா என்று கேட்டார்.

போடுங்கள் என்றேன்.