வருஷத்துக்கு எத்தனை கிலோமீட்டர்

ஆபீஸில் அவனுக்குக் கணக்குப்புலி என்று பெயர். ஒரு சோப்பு எத்தனை குளியலுக்கு வருகிறது என்று தேதி போட்டு எழுதிவைக்கிற மனுஷனை வேறு எப்படித்தான் கூப்பிடுவது? யார் எதை வாங்கிவந்தாலும் மூக்கை நுழைத்து, அவர்கள் ஏமாந்த தொகையைச் சொல்லிவிட்டுத்தான் நகருவான்.

அப்பேர்ப்பட்டவன் கார் வாங்கக் கிளம்பினான். நூறு கிலோமீட்டர் தள்ளித் தனியாக இருக்கும் அம்மாவுக்குப் போன் போட்டான். "கேஸ் வண்டி எடுத்தா செலவு கம்மிம்மா. மாசம் ரெண்டு தடவை வந்து உன்னைப் பாத்துட்டுப் போவேன். வாங்கும்போதுதான் பெட்ரோல் வண்டியைவிடத் தொண்ணூறாயிரம் கூட ஆகுது." பாவம், அந்த மாசம் ரெண்டு தடவையிலேயே அம்மாவின் மனசு குளிர்ந்துபோயிற்று. தபால் ஆபீஸில் வேலை பார்த்துச் சேர்த்ததில் தொண்ணூறாயிரத்தை உறையில் போட்டுக்கொண்டு ஷோரூமுக்கே பஸ்ஸேறி வந்துவிட்டாள்.

விற்பனைப் பெண் செலவுக் கணக்கு அட்டையை எடுத்து வைத்தாள். "பெட்ரோல்ல கிலோமீட்டருக்கு அஞ்சு ரூபா ஆகும் சார். டீசல்ல மூணு அறுபது, ஆனா வண்டி விலை ஒன்றரை லட்சம் கூட. கேஸ்ல மூணு ரூபா. எத்தனை வருஷம் வெச்சிருப்பீங்க?"

"அஞ்சு."

"அப்ப டீசல் உங்களுக்கு வேண்டாம். வருஷம் இருபத்தோராயிரத்துக்கு மேல ஓட்டினாத்தான் கட்டுப்படியாகும். கேஸுக்கு ஒன்பதாயிரம் ஓட்டினாப் போதும், கூடக் குடுத்த தொண்ணூறாயிரம் திரும்பிடும். நீங்க எவ்வளவு ஓட்டுவீங்க?"

அம்மாவிடம் எதையும் சொல்லலாம். கணக்கிடம் பொய் சொல்ல அவனுக்கு நாக்கு வராது. அதுதான் அவனுக்கு வந்த வினை. பக்கத்தில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பதையே மறந்து, கால்குலேட்டரைத் தட்டினான். "ஆபீஸ் போக வர இருபது. இருநூத்து முப்பது நாளுக்கு நாலாயிரத்து அறுநூறு. அம்மா வீட்டுக்கு வருஷத்துல ரெண்டு தடவை, நானூறு. மொத்தம் அஞ்சாயிரம்."

"அப்ப பெட்ரோலே லாபம் சார்" என்றாள் அந்தப் பெண்.

"பாத்தியாம்மா, நல்லவேளை போட்டுப் பாத்தோம்" என்று திரும்பினான் புத்திசாலி. அம்மாவின் முகத்தைப் பார்த்தபிறகுதான் தான் என்ன சொன்னோம் என்று உறைத்தது.

அம்மா கோபப்படவில்லை. நாற்பது வருஷம் மணியார்டர் எண்ணியவளுக்குக் கால்குலேட்டர் எதற்கு?

"ஒன்பதாயிரம் ஓடணும், ஓடப்போறது அஞ்சாயிரம்" என்றாள். "குறையுற அந்த நாலாயிரம் நான்தான்டா."

ஐம்பது பேருக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்தவன் மறுபடியும் கால்குலேட்டரைத் தட்டினான். வெட்கமாக இருந்தது. அதிலும் கேவலம், கூட்டிப்பார்த்தால் அவள் சொன்னது சரியாகவே இருந்தது.

உறையைப் பையில் திரும்ப வைத்துக்கொண்டு அம்மா எழுந்தாள். "அவனுக்குப் பெட்ரோல் வண்டியே குடும்மா. பஸ் ஸ்டாண்டுக்கு இங்கேருந்து எப்படிப் போகணும்?"