ஏலிக்குட்டியின் மூன்றில் ஒரு பங்கு

இட்டியவிரா உயில் எழுதாமல் போய்ச் சேர்ந்தார். நாற்பத்தொன்றாம் நாள் விருந்து முடிந்த மறுவாரமே, மகன் அவராச்சன் அம்மா ஏலிக்குட்டியையும் தங்கை ஷோசம்மாவையும் பாலா டவுனில் பத்திரம் எழுதும் பாப்பச்சனிடம் அழைத்துப் போனான். இருவரும் தங்கள் பங்கை விட்டுக்கொடுத்து எழுதித் தந்தால், வீடும் ரப்பர் தோட்டமும் அவன் பேருக்கு வரும்.

ஏலிக்குட்டி மறுப்புச் சொல்லவில்லை. அவள் அப்பா இறந்தபோதும் ஆண்களுக்கே எல்லாம் போனது. அப்போது சட்டமே அப்படித்தான். அவள் அம்மா கடைசிவரை மகன் வீட்டுப் பின்னறையில், சோற்றுக்கு மருமகள் முகம் பார்த்துக் கிடந்தாள்.

பாப்பச்சன் கண்ணாடியைத் துடைத்தார். "மனைவிக்கு மூணுல ஒண்ணு. மிச்சம் பிள்ளைங்களுக்குச் சரிசமம். உங்க வீட்டுல மூணு பேருக்கும் ஒரே அளவுதான் வருது அவராச்சா."

"இவளுக்கா? கல்யாணத்துக்கு அப்பன் அள்ளிக் கொடுத்த சீதனம் எங்க போச்சு? அதைக் கழிச்சா ஒண்ணுமே மிஞ்சாதே!"

"கொடுத்தது கொடுத்ததுதான். சட்டம் அதைக் கழிக்காது. அவளா மனசு வச்சு விட்டுக்கொடுத்தாத்தான் உண்டு."

"அவ கொடுத்துருவா. என்னடீ?"

ஷோசம்மா கணவனை இழந்தவள். இரண்டு பெண்களோடு வாடகை வீட்டில் இருக்கிறாள். அவள் பேனாவை எடுத்தாள். "கையெழுத்துப் போட்டுர்றேன் சேட்டா. கிறிஸ்துமஸுக்கு வந்தா வாசல்லயே நிக்க வைக்காம உள்ள கூப்பிட்டா போதும்."

ஏலிக்குட்டி மகளின் கையைப் பிடித்துக்கொண்டாள். பிறந்த வீட்டுக்கு வர ஒரு பெண் இவ்வளவு கொடுக்கவேண்டுமா?

"பேனாவைக் கீழ வை மோளே."

"அம்மச்சி, நீங்க சும்மா இருங்க," என்றான் அவராச்சன்.

"இத்தனை வருஷம் சும்மாத்தானே இருந்தேன். என் பங்கையும் நான் எழுதித் தரமாட்டேன்."

"அப்ப கடைசிக் காலத்துல உங்களை யார் பார்த்துப்பா? இவளா?"

"அது கர்த்தருக்குத் தெரியும். இந்தப் பேச்சைக் கேட்டுட்டு உன்னை நம்ப எனக்குப் பயமா இருக்குடா மோனே."

பாப்பச்சன் தாளை மெதுவாக எடுத்து வைத்துக்கொண்டார். அவராச்சன் ஜீப்பை எடுத்துக்கொண்டு போய்விட்டான். அம்மாவும் மகளும் பஸ்ஸில் திரும்பினார்கள். வழியெல்லாம் ஷோசம்மா அழுதாள்: "எனக்காகச் சேட்டனை இழந்துட்டீங்களே அம்மச்சி."

ஏலிக்குட்டி அவள் கண்ணைத் துடைத்துவிட்டாள்.

அன்று மாலை, மகன் குடும்பத்தோடு தான் இருக்கும் வீட்டில், ஏலிக்குட்டி ஜெபத்துக்கு மெழுகுவத்தி ஏற்றினாள். அவராச்சன் வந்து மண்டியிட்டான். ஜெபம் முடிந்ததும் வழக்கம்போல் ஒவ்வொருவராக வந்து, வீட்டில் மூத்தவளான அவளிடம் 'கர்த்தருக்கு ஸ்துதி' என்று சொல்லி முத்தமிட்டார்கள். பேரப்பிள்ளைகள் சொன்னார்கள். மருமகளும் தயங்கியபடி சொன்னாள்.

அவராச்சன் எழுந்து, அவளைத் தாண்டி, தன் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டான். நீட்டிய கைகளை மடக்கத் தோன்றாமல் அவள் அந்தக் கதவையே பார்த்திருந்தாள். கையெழுத்துப் போட்டிருக்கலாமோ என்று ஒரு கணம் நினைத்தாள். இல்லை என்றே மனம் சொன்னது. வலி மட்டும் குறையவில்லை.