பூஜ்யம் காட்டாத பிறந்தநாள்

மேற்குத் தாம்பரத்தில் எங்கள் அலுவலகத்தில் பிறந்தநாள் கேக்குக்குப் பொறுப்பு அட்மின் அக்காதான். போன மாதம் எல்லோருடைய பிறந்த தேதியையும் எக்செல்லில் ஏற்றி, அடுத்த பிறந்தநாளுக்கு எத்தனை நாள் என்று பக்கத்துக் கட்டத்தில் ஃபார்முலா போட்டார். காலையில் யாருக்குப் பூஜ்யம் காட்டுகிறதோ, அவருக்குக் கேக்.

அதில் முதலில் மாட்டியவன் நான். என் பிறந்தநாளன்று புதுச் சட்டை போட்டுக்கொண்டு போய் உட்கார்ந்தேன். சாயங்காலம் வரை ஒருவரும் வாழ்த்தவில்லை. எரிச்சலோடு அக்காவிடமே போய்க் கேட்டேன்.

"உங்களுக்கு இன்னும் 365 நாள் இருக்கே சார்."

திரையைப் பார்த்தேன். இந்த வருடத்துப் பிறந்தநாள் கடந்துவிட்டால் அடுத்த வருடத்துக்கு எண்ண வேண்டும். அக்காவோ 'இன்றைய தேதியைவிடச் சிறியது' என்ற குறியோடு ஒரு சமக்குறியையும் சேர்த்திருந்தார். விடிந்ததுமே என் பிறந்தநாள் முடிந்துபோன கணக்கு.

சொன்னதும் சமக்குறியை அழித்தார். பூஜ்யம் வந்தது.

"இப்ப கரெக்டா காட்டுது சார். ஆனா பேக்கரில காலையிலயே சொல்லணும். நாளைக்கு வாங்கிடலாம்."

மறுநாள் மதியம் வரை பொறுத்துப் பார்த்துவிட்டு, கேக் என்னாச்சு என்று கேட்டேன்.

"காலையிலயே ஷீட்ட பாத்தேன் சார். 364 காட்டுது."